விண்ணப்பம் போன பிறகு மேனேஜருக்கு எழுதும் சில வரிகள்

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் இணையதளத்தில், சப்ளையர் கணக்குப் பிரிவு வேலைக்குப் போன வாரம் விண்ணப்பித்தேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், ரெஸ்யூமேயில் ‘ஜிஎஸ்டி வேலைகள்’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். ரிட்டர்ன் போடுவது ஆடிட்டர் ஆபீஸ் என்றாலும், சுமார் 140 சப்ளையர்களின் 2பி ஒப்பீடு, அதாவது அவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலை எங்கள் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது, முழுக்க நான்தான். ஜாப்வொர்க் செய்யும் சின்ன யூனிட்டுகளை மாதாமாதம் பில் ஏற்ற வைத்து, 18 லட்சம் வரை தேங்கி நின்ற வரி வரவை ஒரு வருஷத்தில் 3 லட்சத்துக்குக் கொண்டுவந்தேன். இதை அந்த மேனேஜருக்கு நேரடியாக எழுதலாமா? தொந்தரவாக நினைப்பாரா? எழுதி வைத்திருக்கும் மெயிலையும் வேலை விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன். – ஓசூர் வாசகி

பதில்:

எழுதுங்கள். ஆனால் இணைத்திருக்கும் மெயிலை அப்படியே அனுப்பாதீர்கள். ‘தங்கள் மேலான நிறுவனத்தில் விண்ணப்பித்துள்ளேன், ஆறு ஆண்டு அனுபவம் உள்ளது, கடின உழைப்பாளி, ரெஸ்யூமேவை இணைத்துள்ளேன், தயவுகூர்ந்து பரிசீலிக்கவும்’ என்று போகிறது அது. எனக்கு மூன்றே வரியில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன விஷயம், அந்த மெயிலின் கடைசிப் பத்தியில் ‘ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷன் அனுபவமும் உண்டு’ என்று சுருங்கிக் கிடக்கிறது. மற்றதெல்லாம் ரெஸ்யூமேயில் ஏற்கெனவே இருப்பதுதான். அதையே மறுபடி படிக்கச் சொன்னால்தான் அது தொந்தரவு. ரெஸ்யூமேயில் இல்லாத, அவருக்கு வேண்டிய ஒரு விஷயத்தைச் சொன்னால் யாரும் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். நிதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் விண்ணப்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இணையதளத்தில் ‘சப்மிட்’ கொடுத்ததும் அது கம்பெனியின் ஆளெடுப்பு மென்பொருளுக்குள் போகிறது. அதை முதலில் திறப்பவர் பெரும்பாலும் ஹெச்ஆர் பிரிவில் இருக்கும் ரெக்ரூட்டர். ஒரே நேரத்தில் அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் என்று பல வேலைக்கு ஆள் தேடுபவர் அவர். பி.காம் இருக்கிறதா, எத்தனை வருஷம், எஸ்ஏபி மென்பொருள் தெரியுமா, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று பார்த்து, ஒரு சிறு பட்டியலை மட்டும் மேனேஜருக்கு அனுப்புவார். ‘ஜிஎஸ்டி வேலைகள்’ என்று எழுதியவருக்கும் 2பி ஒப்பீட்டை முழுக்கச் செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ரெக்ரூட்டருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அது அவர் துறையே கிடையாது. பிளான்ட் ஃபைனான்ஸ் மேனேஜருக்கோ அது ஒரே வரியில் புரிந்துவிடும். நேராக அவருக்கு எழுதச் சொல்வதற்கு ஒரே காரணம் இதுதான். அவருக்குப் பிடித்திருந்தால் ரெக்ரூட்டரைக் கூப்பிட்டு, ‘இந்தப் பேரில் ஒரு அப்ளிகேஷன் வந்திருக்கும், எடுத்து அனுப்புங்கள்’ என்பார். உங்கள் செய்தியால் நடக்க வேண்டியது அவ்வளவுதான். வேலை கேட்டு வாதாடும் இடம் அது கிடையாது.

சரி, அந்த ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது? விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒன்பது பொறுப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் எட்டு எந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இருப்பவை. நான்காவது வரி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது: ‘2பி ஒப்பீடு, விடுபட்ட வரவுகளுக்காகச் சப்ளையர்களுடன் தொடர் நடவடிக்கை.’ ஹெச்ஆர் பழைய விளம்பரத்திலிருந்து எடுத்து ஒட்டும் வரி இல்லை இது. அந்த மேனேஜரே சொல்லிச் சேர்த்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் தேதி வாரியாகச் சொல்கிறேன், மெயிலில் எந்த வார்த்தை இருக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் வரப்போகிறது.

சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 1-இல் பில்லை ஏற்றினால்தான் அது வாங்கியவரின் 2பி-யில் வரும். 2022 ஜனவரி 1 முதல், 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையருக்கு 11ஆம் தேதி கெடு. 14ஆம் தேதி 2பி தயாராகிறது. பெரிய கம்பெனி, வரி கட்டும் மாத ரிட்டர்னான தன் 3பி-யை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். நடுவில் ஆறு நாள். அதற்குள் வராததைக் கண்டுபிடித்து, அடுத்த 2பி-யிலாவது வரும்படி சப்ளையரைத் துரத்த வேண்டும், அந்த மாத 2பி-யில் வராத வரவுக்கு ஈடாகக் கம்பெனி கையிலிருந்து பணமாக வரி கட்ட வேண்டும். இதில் சின்ன யூனிட்டுகளின் சிக்கல் தனி. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால், விரும்பினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். அப்படிப்பட்டவர் ஏப்ரலில் கொடுத்த பில்லை ஜூலை 13ஆம் தேதிதான் ஏற்றுவார், வாங்கியவருக்கு ஜூலை 14 அன்றுதான் கண்ணில் படும். அதே ஆள் ஐஎஃப்எஃப் என்ற வசதியில் மே 13-க்குள் அந்தப் பில்லை மட்டும் ஏற்றிவிட்டால், மே 14 அன்றே 2பி-யில் வந்துவிடும். ஒரு பில்லின் வரிப் பணம் இரண்டு மாதம் முடங்காமல் இருக்கும். ஐஎஃப்எஃப் கட்டாயம் இல்லை, அதனால் யாராவது அவர்களிடம் பேசி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைத்தால்தான் நடக்கும்.

அந்த யாராவது நீங்கள்தான். ‘2பி ஒப்பீடு தெரியும்’ என்று விண்ணப்பிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள். எக்செல்லில் இரண்டு பட்டியலை வைத்துப் பொருத்திப் பார்ப்பது வரை பலருக்கும் வரும். வராத வரவில் பெரும்பகுதி காலாண்டு சப்ளையர்களுடையது என்று பிரித்துப் பார்த்து, காரணத்தின் மேலேயே கை வைத்தவர்கள் குறைவு. அதனால் மெயிலில் ‘2பி’ என்ற சொல்லோடு நிறுத்தாமல் ‘காலாண்டு சப்ளையர்’, ‘ஐஎஃப்எஃப்’, ‘13ஆம் தேதி’ மூன்றும் வர வேண்டும். இந்த வேலையைக் கையால் செய்தவர் எழுதியது என்று மேனேஜருக்கு இந்த மூன்றும் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 18 லட்சம், 3 லட்சம் என்ற தொகைகளை எழுதாதீர்கள். அது உங்கள் இப்போதைய கம்பெனியின் உள் கணக்கு. வேறு கம்பெனிக்கு அதைச் சொல்கிறவர் நாளைக்கு எங்கள் கணக்கையும் இப்படித்தான் சொல்வார் என்று படிப்பவருக்குத் தோன்றலாம், தோன்றினால் அது நியாயமும் கூட. ‘ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது’ என்று எழுதுங்கள். அளவும் தெரிகிறது, யாருடைய ரகசியமும் வெளியே போகவில்லை. சப்ளையர் பெயர் ஒன்றுகூட வேண்டாம்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

‘பொருள்: வேலை எண் (ஒப்புகை மெயிலில் உள்ளது) – சப்ளையர் கணக்கு – உங்கள் பெயர் – விண்ணப்பத்தில் இல்லாத ஒரு விவரம்

வணக்கம். இந்தப் பதவிக்குச் சென்ற வாரம் உங்கள் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். விளம்பரத்தில் 2பி ஒப்பீடும் சப்ளையர்களிடம் தொடர் நடவடிக்கையும் கேட்டிருக்கிறீர்கள். அது தொடர்பாக என் ரெஸ்யூமேயில் இல்லாத ஒரு விவரத்தைச் சொல்ல எழுதுகிறேன்.

இப்போதைய கம்பெனியில் சுமார் 140 சப்ளையர்களின் 2பி ஒப்பீட்டை மாதாமாதம் நான் செய்கிறேன். வராத வரவில் பெரும்பகுதி, காலாண்டு ரிட்டர்ன் போடும் ஜாப்வொர்க் யூனிட்டுகளுடையது. அவர்களிடம் பேசி, 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப்-இல் பில் ஏற்ற வைத்தேன். ஓராண்டில், தேங்கி நின்ற வரவு முன்பிருந்ததில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்வது ஆடிட்டர் அலுவலகம். பட்டியல் எடுப்பதும், சப்ளையரிடம் பேசுவதும், அடுத்த மாதம் வந்ததா என்று சரிபார்ப்பதும் என் வேலை.

என் விண்ணப்பத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இவ்வளவுதான், கீழே பெயரும் ஃபோன் நம்பரும். பொருள் வரியில் வேலை எண்ணும் பெயரும் ஏன் என்றால், மேனேஜர் அதை அப்படியே ரெக்ரூட்டருக்கு ஃபார்வர்ட் செய்தால் அவர் தேடிப் பிடிக்க வேண்டும். விண்ணப்பத்தில் இனிஷியல் முன்னால் போட்டிருந்தால் இங்கேயும் முன்னால் போடுங்கள், அப்பா பெயரை முழுசாகப் போட்டிருந்தால் இங்கேயும் அப்படியே. பெயர் இரண்டு விதமாக இருந்து தேடலில் சிக்காமல் போவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது.

ஆடிட்டர் அலுவலகம் பற்றிய வரியை நீக்கிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும், அது உங்கள் பங்கைக் குறைத்துக் காட்டுவது போல இருக்கும். நீக்காதீர்கள். நடுத்தர அளவுள்ள கம்பெனிகளில் ரிட்டர்னை வெளி ஆடிட்டர் போடுவது வழக்கம், அது அந்த மேனேஜருக்கும் தெரியும். எல்லாம் நான்தான் என்று எழுதினால் அவருக்குச் சந்தேகம் வரும். எது என் வேலை, எது இல்லை என்று கோடு போட்டுச் சொன்னால் மேலே சொன்னதையெல்லாம் நம்புவார். இன்னொன்றும் இருக்கிறது. வேலை கொடுக்கும் முன் பின்புலச் சரிபார்ப்பு என்று உங்கள் இப்போதைய மேலதிகாரியிடம் ஒரு நாள் கேட்கப்போகிறார்கள், அவர் தயங்காமல் ‘ஆமாம்’ என்று சொல்லக்கூடிய வாக்கியம் மட்டும்தான் மெயிலில் இருக்க வேண்டும்.

யாருக்கு அனுப்புவது? விளம்பரத்தின் அடியில் ‘பிளான்ட் ஃபைனான்ஸ் மேனேஜருக்குக் கீழ் பணி’ என்று இருக்கிறது. லிங்க்ட்இன்-இல் அந்தக் கம்பெனிப் பக்கத்தில் ஊழியர் பட்டியலைத் திறந்து, பதவியையும் ஊரையும் கொடுத்துத் தேடுங்கள். ஒரே பதவியில் இரண்டு மூன்று பேர் இருந்தால் எந்த பிளான்ட் என்று பாருங்கள், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்றும் பாருங்கள், ஆணா பெண்ணா என்று தெரியாமல் ‘சார்’ போடாதீர்கள். இணைப்புக் கோரிக்கையோடு வைக்கும் குறிப்பில் இரண்டு வரிக்கு மேல் இடம் இருக்காது. அதில் முழு மெயிலையும் நெருக்கித் திணிக்காமல், வேலை எண்ணையும் ‘காலாண்டு சப்ளையர்களை ஐஎஃப்எஃப்-க்குக் கொண்டுவந்து 2பி-யில் தேங்கிய வரவை ஆறில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறேன், ரெஸ்யூமேயில் இது இல்லை’ என்ற வாக்கியத்தையும் மட்டும் எழுதுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் முழுவதையும் அனுப்பலாம். யார் என்றே உறுதியாகத் தெரியவில்லை என்றால், அதே மெயிலை ரெக்ரூட்டருக்கு அனுப்பி, ‘இதை என் விண்ணப்பத்தோடு சேர்த்து மேனேஜருக்குக் காட்ட முடியுமா’ என்று கேளுங்கள். நிறைய பேர் சேர்ப்பார்கள். மெயில் முகவரியை யூகித்து நாலைந்து விதமாகப் போட்டு அனுப்புவது, யாரிடமோ நம்பர் வாங்கி வாட்ஸ்அப்பில் போவது இரண்டும் வேண்டாம். ‘நேரடியாகத் தொடர்பு கொள்ள வேண்டாம்’ என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தால் அனுப்பவே கூடாது. உங்கள் விளம்பரத்தில் அப்படி இல்லை, பார்த்துவிட்டேன். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: அரசுத் தேர்வு, பொதுத்துறை நிறுவனம், அரசு வங்கி வேலைகளில் இது எதுவும் பொருந்தாது. அங்கே சிபாரிசு தேடும் முயற்சி என்று எடுத்துக்கொண்டு தகுதி நீக்கமே செய்யலாம், அறிவிக்கையிலேயே அப்படி எழுதியிருப்பார்கள்.)

அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் இருப்பதும் வாகன உதிரிபாகம், போக நினைப்பதும் அதே துறை. அந்தக் கம்பெனி உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளரா? சேல்ஸ் லெட்ஜரில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தால் அந்த ஃபைனான்ஸ் மேனேஜரும் உங்கள் முதலாளியும் பாக்கித் தொகை விஷயமாக ஃபோனில் பேசிக்கொள்பவர்களாக இருக்கலாம், கெட்ட எண்ணம் இல்லாமலே பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்துவிடும். அப்படியென்றால் மேனேஜரை விட்டுவிட்டு ரெக்ரூட்டர் வழியாகவே போங்கள், இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் என் மேற்படி ஆலோசனையை மாற்றிக்கொள்வேன்.

எப்போது அனுப்புவது என்பதிலும் நீங்கள் மற்றவர்களைவிட விவரமாக இருக்கலாம், அந்த மேனேஜரின் நாட்காட்டி உங்களுக்கு நன்றாகத் தெரியுமே. 14 முதல் 20 வரை அவர் 2பி-யிலும் 3பி-யிலும் மூழ்கியிருப்பார், மாதத்தின் முதல் நாலைந்து நாள் கணக்கு முடிப்பு. 21-க்குப் பிறகு, மாதக் கடைசிக்கு முன்னால், ஒரு வேலைநாள் காலை நல்ல நேரம். அதுவும் அந்த மாதத்து வராத வரவுப் பட்டியல் மேஜையில் கிடக்கும் நேரத்தில், அதைக் குறைத்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் நின்று படிப்பார். ஆனால் இதற்காக ரொம்ப நாள் காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது, ரெக்ரூட்டர் பட்டியலை மூடிவிட்டால் மேனேஜருக்குப் பிடித்தும் பயன் குறைவு. இன்று 18 அல்லது 19 என்றால் பொறுங்கள், 10 என்றால் இன்றே அனுப்புங்கள்.

திருத்திய ரெஸ்யூமேவை இணைக்க வேண்டாம். மென்பொருளில் ஒன்று, மேனேஜர் கையில் வேறொன்று என்று இரண்டு இருந்தால், எது சரி என்ற கேள்விதான் முதலில் வரும். இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து ப்ரொஃபைலைத் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். அனுப்பிய விண்ணப்பத்தைப் பெரும்பாலும் மாற்ற விட மாட்டார்கள், ப்ரொஃபைலில் சில சமயம் விடுவார்கள். விட்டால் ‘ஜிஎஸ்டி வேலைகள்’ என்ற இடத்தில் மெயிலில் உள்ள அதே வாக்கியத்தை, அதே அளவோடு போடுங்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுப் புதிதாகப் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், சில இடங்களில் அதே வேலைக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாமல் போய்விடும்.

பதில் வராமலும் போகலாம். வரவில்லை என்றால் நினைவூட்டல் அனுப்பாதீர்கள். அவர் படித்துவிட்டு நேரே ரெக்ரூட்டரிடம் சொல்லியிருக்கலாம், உங்களுக்கு முதல் அழைப்பு அங்கிருந்துதான் வரும். வந்தால், இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் முதல் கேள்விகள் இருக்கும், நானாக இருந்தால் அங்கேதான் ஆரம்பிப்பேன். எந்த சப்ளையர் காலாண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் `Search Taxpayer` போய் சப்ளையரின் ஜிஎஸ்டிஐஎன் பதிவு எண்ணைக் கொடுத்து ரிட்டர்ன் விவரத்தைப் பார்த்தீர்களா, அல்லது சப்ளையர்களிடமே கேட்டு எழுதி வைத்தீர்களா, எப்படிச் செய்தீர்களோ அப்படியே சொல்லுங்கள். ஐஎஃப்எஃப் போட மாட்டேன் என்றவரை என்ன செய்தீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்தீர்கள் என்றால் அது பல இடங்களிலும் நடப்பதுதான், ஆனால் கேள்வி அதோடு நிற்காது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கும்போது அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பார்கள். அதற்கு உங்கள் கம்பெனியில் நிஜமாக என்ன முடிவு எடுத்தீர்கள், யார் எடுத்தது, எந்த சப்ளையர் விஷயத்தில் சிக்கல் வந்தது என்பதைப் பெயர் சொல்லாமல் விளக்க முடிகிறதா என்று அனுப்புவதற்கு முன்பே ஒருமுறை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.